புதுப்பிப்பு: மங்கலாக எரிந்த படகு விளக்கின் பழுது பிடிபட்டது

முன்பு நான் கேட்டது: "பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தும் படகின் சிவப்பு-பச்சை விளக்கு ஏன் மங்கலாக எரிகிறது?"

மொரீசியஸ், மாஹேபூரிலிருந்து எழுதுகிறேன். எனக்குப் பதில் எழுதியவர்களில் பேட்டரியைச் சந்தேகித்தவர் சொன்னது பாதி சரி. அதன் முனைகளில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டியதும் வெளிச்சம் சற்றே கூடியது. பெரிய ஃபியூஸ் போடச் சொன்ன இன்னொரு யோசனையை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். ஃபியூஸ் கம்பியைத் தீயிலிருந்து காப்பதற்கானது. பெரிதாக்கினால் அந்தக் காவல் போய்விடும், வெளிச்சமும் கூடாது.

படகு மின்வேலை தெரிந்த அண்ணன் சொன்னபடி விளக்கை எரியவிட்டே அதன் முனைகளில் வோல்ட்டை அளந்தேன். பல்பைக் கழற்றியபோது 12.6 காட்டிய இடம், எரியும்போது 9.8 தான் காட்டியது. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் விளக்கின் நெகட்டிவ் முனைக்கும் இடையில் மட்டும் 2.5 வோல்ட் இழப்பு இருந்ததால், பழுது திரும்பிவரும் கம்பியில்தான் என்பது உறுதியானது. முன்தளத்துக்கு அடியிலிருந்த இணைப்பைத் திறந்தால், உறைக்குள்ளே வெகுதூரம் செம்பு கறுத்திருந்தது. பளபளக்கும் செம்பைத் தேடி வெட்டிக்கொண்டே போயும் கிடைக்காததால், வெள்ளீயம் பூசிய புதுக் கம்பி இழுத்து, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயால் மூடினேன். இப்போது மொத்த இழப்பு 0.3 வோல்ட்.

படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் தம் பில்ஜ் பம்ப் அடிக்கடி நிற்பதாக எழுதிய தம்பிக்கு: இணைப்பு தண்ணீர் தேங்கும் மட்டத்துக்கு மேலே உள்ளதா என்று முதலில் பாருங்கள். என் பம்ப்பின் மிதவை சுவிட்ச்சும் சிலவேளை தாமதிக்கிறது. காரணம் இன்னும் பிடிபடவில்லை.