பெரிய தாளின் நுண்ணெழுத்து தவறாக வாசிக்கப்படுகிறது: எங்கே வெட்டுவது?

வணக்கம். 841 × 594 மி.மீ. அளவுள்ள ஏ1 வரைபடத் தாள் ஒன்றை 6000 × 4000 பிக்சல் கேமராவில் ஒரே படமாக எடுத்து, அதன் ஓரத்திலுள்ள அளவுப் பட்டியலை எழுத்துணரி மென்பொருளால் வாசிக்க முயல்கிறேன். 8 என்பது 3 ஆகவும், 6 என்பது 5 ஆகவும் மாறுகின்றன. தசமப் புள்ளிகள் பல இடங்களில் மறைந்தேவிடுகின்றன.

கணக்கிட்டால் காரணம் புரிகிறது. ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 7 பிக்சல்கள்தாம் கிடைப்பதால், 2 மி.மீ. உயரமுள்ள இலக்கம் 14 பிக்சல்களில் அடங்கிவிடுகிறது. புள்ளிக்கு இரண்டு பிக்சல்கூட மிஞ்சுவதில்லை. அந்தப் படத்தையே வெட்டி மூன்று மடங்கு பெரிதாக்கியபோது ஓரங்கள் மென்மையாயினவே தவிர, பிழைகள் பெரிதும் குறையவில்லை. பதிவாகாத விவரத்தைப் பெரிதாக்கல் மீட்டுத் தராது என்பதே என் முடிவு.

எனவே, சட்டகம் ஒவ்வொன்றும் 320 மி.மீ. அகலத்தை மட்டும் அடக்குமாறு கேமராவை நெருக்கி, ஒன்பது படங்கள் எடுத்தேன். இலக்கத்தின் உயரம் 37 பிக்சலாக உயர்ந்ததும் நடுப்பகுதி சரியாக வாசிக்கப்பட்டது. ஆயினும் வெட்டு விளிம்பு 1385 என்ற எண்ணின் நடுவே சென்ற இடத்தில், 385 என்று ஐயமே எழாத வேறோர் எண் கிடைத்தது. எனக்கு இதுவே மிகுந்த கவலை தருகிறது.

சம அளவுக் கட்டங்களாக வெட்டாமல், பட்டியலின் கோடுகளை ஒட்டி வெட்டுவது நல்லதா? அப்படி வெட்டினால், தலைப்பு வரிசையை ஒவ்வொரு துண்டின் மேலும் ஒட்ட வேண்டுமா? அடுத்தடுத்த துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியை மிக நீண்ட எண்ணின் அகலத்தைவிடக் கூடுதலாக வைத்தால், இருமுறை வாசிக்கப்படும் வரிகளை எவ்வாறு நீக்குகிறீர்கள்? அனுபவமுள்ளோர் விளக்க வேண்டுகிறேன்.