புனைபெயரில் வருடக்கணக்காக எழுதுபவர்கள், பெயரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

வெண்ணிலவு: குடும்பத்துக்கும் அலுவலகத்துக்கும் தெரியாமல் எழுதப் போகிறேன். நான் ஆண், ஆனால் மனதில் ஓடுவது ஒரு வயதான பெண்ணின் குரல். உங்கள் அனுபவம்?

ராசப்பன்: வீட்டில் உள்ள பெயரையே வையுங்கள், மறக்காது. ரங்கராஜன் மனைவியின் பெயரில்தானே சுஜாதா ஆனார்?

மணிமேகலை: அவர் ஒளிந்துகொண்டு எழுதவில்லையே! மறைந்திருக்க நினைப்பவர் வீட்டுப் பெயரை வைத்தால், முதலில் கண்டுபிடிப்பது சொந்தக்காரர்கள்தான்.

என் நண்பர் ஒருவர் 'கோமதி பெரியம்மா' என்ற பெயரில் எழுதுகிறார். பெயரிலேயே வயது வந்துவிட்டதால், வாசகரை 'நீ' என்று உரிமையோடு அழைக்க முடிந்தது. 'போனேன், வந்தேன்' என்பதில் ஆண்பால் பெண்பால் தெரியாது என்பதால் தைரியமாக இருந்தார். மாட்டியது உறவுமுறையில். ஒரு கட்டுரையில் "என் கொழுந்தியாள் வீட்டுக் கல்யாணம்" என்று எழுதிவிட்டார். பெரியம்மாவுக்கு நாத்தனார் இருக்கலாம், கொழுந்தனார் இருக்கலாம், கொழுந்தியாள் எங்கிருந்து வந்தாள் என்று ஒரு வாசகி கேட்டார்.

அப்புறம் அவர் பெரியம்மாவுக்கு ஒரு குடும்பத்தையே தாளில் எழுதி வைத்தார். கூடப்பிறந்தவர் எத்தனை பேர், யாரை எப்படிக் கூப்பிடுவார், யார் இவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவார்கள், யார் இறந்துவிட்டார்கள். புதிதாக ஒருவரைக் கட்டுரையில் கொண்டுவந்தால் அன்றே தாளிலும் சேர்த்துவிடுவார். பெயரை முடிவு செய்யும்முன் இந்தத் தாளை எழுதிப் பாருங்கள். குடும்பம் மனதில் வராத பெயர் ரொம்ப நாள் தாங்காது.

கவிப்பித்தன்: என் கவிதைத் தொகுப்புக்கும் பெயர் தேடுகிறேன். பின்னட்டையில் என் படம் வரும். 'கவி' என்று தொடங்கலாமா?

மணிமேகலை: படம் போட்ட பிறகு எதை மறைக்கப் போகிறீர்கள்?

புதுமாப்பிள்ளை: என் பெயரைப் பாருங்கள். கல்யாணமான புதிதில் வைத்தது, இப்போது மகள் பத்தாவது படிக்கிறாள். மாற்றலாம்தான், ஆனால் பழைய வாசகர்கள் எழுதிய பதில்களில் எல்லாம் "மாப்பிள்ளை" என்றே இருக்கிறதே. சலித்துக்கொள்ளும் கிழட்டு மாப்பிள்ளையாகவே தொடர்கிறேன், ஓடுகிறது. நீங்கள் நிலைமை மாறும் பெயரை வைக்காதீர்கள். பெரியம்மா என்றைக்கும் பெரியம்மாதான்.

வெண்ணிலவு: சரி, தாளை எழுதத் தொடங்கிவிட்டேன். ஒரு சந்தேகம். சொந்தப் பெயரிலும் எழுதுகிறவன் நான். நடையை வைத்துப் பிடித்துவிடுவார்களா?

மணிமேகலை: முடியும். 2013இல் ராபர்ட் கால்பிரெய்த் என்ற பெயரில் எழுதியது ஜே.கே. ரௌலிங் என்று வெளியானபோது, துப்பு வேறு வழியில் கிடைத்தது. ஆனால் சொற்களின் நீளத்தையும் அடிக்கடி வரும் சாதாரணச் சொற்களையும் கணினியில் ஒப்பிட்டபோது, அதுவும் அவர் பக்கமே காட்டியது. குரல் மாறாமல் இருக்க இருக்க ஒப்பிட நிறைய எழுத்து சேரும்.

ராசப்பன்: அப்படியானால் சொந்தப் பெயரில் எழுதுவதை நிறுத்திவிட வேண்டியதுதான்.

புதுமாப்பிள்ளை: நான் நிறுத்தவில்லை. அங்கே அலுவலக அறிக்கை மாதிரி எழுதுவேன். இதுவரை யாரும் கேட்கவில்லை, கண்டுபிடித்தும் சும்மா இருக்கிறார்களோ என்னவோ.