தீர்வு சொன்னால் தப்பா?

செங்காங்வாசி: வேலை முடிந்து வந்ததும் மனைவி ஆபீஸ் பிரச்சினையைச் சொல்கிறாள். நான் உடனே வழி சொல்கிறேன். "நீங்க என்னைக்குக் காது குடுத்துக் கேட்டிருக்கீங்க?" என்று கோபப்படுகிறாள். தீர்வு சொல்வது தப்பா?

தேக்காக்காரர்: தப்பே இல்லை. நம் வீடுகளில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவோம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அக்கறை இருப்பவர்தான் குறுக்கே பேசுவார். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் அதற்கும் திட்டு விழும்.

மலர்விழி: அண்ணே, பாதி சரி. "அய்யோ, அப்புறம்?" என்று நடுவில் புகுந்தாலும் பேச்சு சொல்பவர் கையிலேயே இருக்கும். "நீ என்ன பண்ணணும்னா" என்று புகுந்தால் அது உங்கள் கைக்கு வந்துவிடும். செங்காங்வாசி, கடைசியாகப் பேசியதை வரிக்கு வரி எழுதுங்களேன்.

செங்காங்வாசி: நேற்று நடந்தது.
"இன்னிக்கு மீட்டிங்ல சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும்..."
"எல்லாத்தையும் ஈமெயில்ல எழுதி வெச்சுக்கோ."
"இல்லங்க, அதுக்கப்புறம்..."
"பேசாம எச்ஆர்கிட்ட போயிடு."
"சரி, விடுங்க."
எழுந்து போய்த் துணி காயப்போட ஆரம்பித்துவிட்டாள்.

மலர்விழி: அதுக்கப்புறம் என்ன நடந்ததாம்?

செங்காங்வாசி: தெரியவில்லை.

யீஷுன் அம்மா: என் வீட்டில் தலைகீழ். இவர் யோசனையே சொல்ல மாட்டார். போனைப் பார்த்தபடி "ம்" மட்டும்தான். அவரை என்ன செய்வது?

மலர்விழி: அக்கா, அதுவும் கேட்காததுதான், ஆனால் வேறு கதை. செங்காங்வாசி, ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். பத்து மொழிகளில் அளந்த ஆய்வு 2009இல் வந்தது. அதற்குள் ஒரு வாக்கியத்தை யோசித்து முடிக்க முடியாது. அதனால் எல்லோருமே எதிராளி பேசும்போதே பதிலைத் தயார் செய்கிறோம். "சூப்பர்வைசர்" என்ற சொல்லிலேயே உங்கள் பதில் தயாராகிவிட்டது, மீதி காதில் விழவில்லை. அவர் நிறுத்தியதும் மனதுக்குள் இரண்டு எண்ணுங்கள். பிறகு "அப்புறம்?" மட்டும் சொல்லுங்கள். கதை முடிந்தது என்று தெரிந்தபின், "யோசனை வேணுமா, சொன்னாப் போதுமா?" என்று கேளுங்கள். "சரி, விடுங்க" வந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

தேக்காக்காரர்: வீட்டில் எண்ணி எண்ணியா பேசுவார்கள்? நடிப்பு மாதிரி இருக்காதா?

மலர்விழி: முதல் சில நாள் அப்படித்தான் இருக்கும். சிலருக்குக் கடைசிவரை ஒட்டாமலும் போகலாம்.

செங்காங்வாசி: இன்று முயன்றேன். இரண்டு எண்ணுவதற்குள் நாக்கு துடித்தது. மூன்றாவது "அப்புறம்?"இல் சொன்னாள். சூப்பர்வைசர் திட்டியது அவளுக்குப் பெரிதே இல்லை. தினமும் கூடச் சாப்பிடும் தோழி அப்போது தலை குனிந்து சிரித்தாளாம். அதைத்தான் நேற்றிலிருந்து சொல்லப் பார்த்திருக்கிறாள். நான் எச்ஆருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

தேக்காக்காரர்: சரி தம்பி. ஆனாலும் அந்த ஈமெயில் போட்டு வைப்பது நல்லதுதானே?

செங்காங்வாசி: நல்லதுதான் அண்ணே. யோசனை வேணுமா என்று கேட்டேன். "நாளைக்குச் சொல்றேன்" என்றிருக்கிறாள்.