கூட்டல் ஒத்து வருகிறது, ஆனாலும் அட்டவணையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கே பார்ப்பது?

வில்லாபுரம் சரவணன்:
அவசரம், நாளைக் காலை சிம்மக்கல்லில் அச்சுக்குப் போகவேண்டும். ஒரு கம்பெனியின் லாப நட்டக் கணக்கை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினேன். எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிட்டேன், கூட்டிப் பார்த்தாலும் மொத்தம் சரியாக வருகிறது. ஆனால் அவர்களுடைய ஆடிட்டர் கடைசி வரியில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். எண், தேதி, அலகு சரிபார்க்க யாரிடமாவது பட்டியல் இருக்கிறதா?

மேலூர்க்காரன்:
கடைசி வரி என்றால் எது? மூலத்தில் தொகை எதில் இருக்கிறது, ஆயிரமா, லட்சமா? இதைச் சொல்லாமல் கேட்டால் எப்படி?

தெப்பக்குளம் கணக்கர்:
நான் இங்கே பலமுறை எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை. மொழி தெரிந்தால் மட்டும் நிதி அட்டவணையைத் தொடக்கூடாது, கணக்கும் தெரியவேண்டும். முதலில் மூலத்தின் தலைப்பு வரியை அப்படியே இங்கே எழுதுங்கள்.

உசிலை பாண்டி:
எனக்கும் இதே தலைவலிதான். பட்டாவில் 0.40.50 என்று ஹெக்டேர், ஏர் கணக்கில் போட்டிருந்தது. தரகர் அதை 40 சென்ட் என்று எழுதிக்கொண்டு வந்தார். 40.50 ஏர் என்பது ஏறக்குறைய ஒரு முழு ஏக்கர், அதாவது 100 சென்ட். நான் கவனித்திருக்காவிட்டால் பாதிக்குமேல் நிலம் போயிருக்கும்.

வில்லாபுரம் சரவணன்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். மூலத்தில் ₹ million என்று இருந்தது. தமிழில் 'ரூபாய் லட்சத்தில்' என்று போட்டேன். கடைசி வரி ஒரு பங்குக்கான வருமானம், 18.00. நிகர லாபம் 48.6. பங்குகள் 2,700,000.

மேலூர்க்காரன்:
கிடைத்துவிட்டது! காற்புள்ளிதான் கோளாறு. நம் முறையில் 27,00,000 என்று எழுதவேண்டும். அப்புறம் ஒரு மில்லியன் பத்து லட்சம் என்பதால், எக்செலில் பத்தியை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் பத்தால் பெருக்கிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

திருமங்கலம் செல்வி:
தம்பி, மொத்தமாகப் பெருக்கிவிடாதே. அந்தப் பத்தியில் எல்லாமே மில்லியன் இல்லை. பங்குகளின் எண்ணிக்கை வெறும் எண்ணிக்கைதான், ஒரு பங்குக்கான வருமானம் முழு ரூபாயில் இருக்கிறது. பெருக்கினால் 18 ரூபாய் 180 ஆகிவிடும், இருக்கும் 27 லட்சம் பங்கு 2 கோடியே 70 லட்சம் ஆகிவிடும். சதவீத வரி இருந்தால் அதுவும் போச்சு. மேலூர்க்காரர் காற்புள்ளியைச் சொன்னது சரி, அதை மாற்றத்தான் வேண்டும், ஆனால் ஆடிட்டர் கேள்விக்குறி போட்டது அதற்காக இல்லை.

அவர் என்ன செய்திருப்பார் என்றால், லாபத்தைப் பங்குகளால் வகுத்திருப்பார். உன் தலைப்பின்படி 48.6 லட்சத்தை 27 லட்சத்தால் வகுத்தால் 1.80 ரூபாய், அட்டவணையில் 18.00 நிற்கிறது. சரியாகப் பத்து மடங்கு. கூட்டல் இதைக் காட்டவே காட்டாது, ஏனென்றால் எல்லா எண்ணும் ஒரே அளவுக்குத் தவறாக இருந்தாலும் மொத்தம் ஒத்துத்தான் வரும். அதனால் நான் அட்டவணையைக் கையில் எடுத்ததும் கூட்டலுக்குப் போகமாட்டேன். தலைப்பு அலகு எந்த வரிக்குப் பொருந்தாது என்று பார்த்து அந்த வரிகளைப் பென்சிலால் குறிப்பேன், பிறகு இப்படி ஒரு வகுத்தல் போட்டுப் பார்ப்பேன். கூட்டல் அதற்குப் பிறகுதான்.

கூட்டலை இரண்டு ஆண்டுப் பத்திகளுக்கும் போட்டாயா?

வில்லாபுரம் சரவணன்:
நடப்பு ஆண்டுக்கு மட்டும்தான் போட்டேன் அக்கா. இப்போது பணவரிகளை மட்டும் பத்தால் பெருக்கிவிட்டு முந்தைய ஆண்டையும் கூட்டினேன். செலவு இனங்களைக் கூட்டினால் அச்சிட்ட மொத்தத்தைவிட 82 கூடுதலாக வருகிறது. மூலத்தோடு ஒப்பிட்டால் எல்லா எண்ணும் அப்படியே இருக்கிறது.

திருமங்கலம் செல்வி:
82-ஐப் பாதியாக்கு, 41. மூலத்தில் 4.1 என்ற வரி எது என்று தேடு, அது அடைப்புக்குறிக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். அடைப்புக்குறி என்றால் கழித்தல். குறி தொலைந்தால், கழிக்கவேண்டியதைக் கூட்டிவிடுகிறோம், அதனால் வித்தியாசம் அந்த எண்ணைப்போல இரண்டு மடங்காக வரும். வெறும் இலக்கங்களை ஒப்பிடுகிற கண்ணுக்கு இது தப்பிவிடும்.

வில்லாபுரம் சரவணன்:
ஆமாம்! 'சரக்கிருப்பு மாற்றம்' என்ற வரி. மூலத்தில் (4.1), என்னுடையதில் 41.

தெப்பக்குளம் கணக்கர்:
வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 753 என்பதை 735 என்று அடித்தால் வித்தியாசம் 18. பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு இது மனப்பாடம்.

ஆனால் அடிப்படையான தவறை யாரும் பேசவில்லை. மொழிபெயர்ப்பாளர் எதற்கு மில்லியனை லட்சமாக்கவேண்டும்? ஆடிட்டர் கையெழுத்திட்டது மில்லியன் கணக்குக்கு. 'ரூபாய் மில்லியனில்' என்று எழுதியிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

உசிலை பாண்டி:
ஐயா, எங்கள் ஊரில் 48.6 மில்லியன் என்றால் யாருக்குப் புரியும்? 486 லட்சம், இல்லையென்றால் 4 கோடியே 86 லட்சம் என்றால் ஆச்சி கூடக் கேள்வி கேட்கும். படிக்கிறவருக்காகத்தானே மொழிபெயர்க்கிறோம்?

தெப்பக்குளம் கணக்கர்:
புரியவைப்பது வேறு, கணக்கை மாற்றுவது வேறு. இன்று பத்தால் பெருக்குவீர்கள், நாளைக்கு 4.86 கோடியை 4.9 கோடி என்று சுருக்குவீர்கள். அப்போது வரிகள் மொத்தத்தோடு ஒட்டாது.

மேலூர்க்காரன்:
பத்தால் பெருக்கினால் எதுவும் இழப்பதில்லையே, புள்ளி ஓர் இடம் நகர்கிறது, அவ்வளவுதான். சுருக்குவதுதான் தப்பு.

திருமங்கலம் செல்வி:
இதை நாம் முடிவு செய்யமுடியாது, வாடிக்கையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். நானாக இருந்தால் மில்லியனாகவே விட்டிருப்பேன், ஆனால் பாண்டி அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன், மூலத்திலேயே மொத்தம் 0.1 இடித்தால் அது முழுமையாக்கியதால் வந்திருக்கும், நீயாகத் திருத்தாதே தம்பி.

தேதி எப்படி இருக்கிறது?

வில்லாபுரம் சரவணன்:
கீழே இயக்குநர் குழு ஒப்புதல் தேதி 05/06/2024. '5 ஜூன் 2024' என்று போட்டிருக்கிறேன். தாய்க் கம்பெனி அமெரிக்கா.

திருமங்கலம் செல்வி:
அந்த ஆவணத்தில் 12-க்கு மேற்பட்ட எண் வருகிற தேதி ஏதாவது இருக்கிறதா என்று பார். அதில் எது முன்னால் வருகிறது என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்கமுடியும்.

வில்லாபுரம் சரவணன்:
ஆண்டு முடிவு 03/31/2024 என்று இருக்கிறது. எக்செலில் ஒட்டினபோது இது கட்டத்தின் இடது ஓரமாக நின்றது, 05/06 வலது ஓரமாக நின்றது. அப்போது கவனிக்கவில்லை.

திருமங்கலம் செல்வி:
அதுதான் அடையாளம். உன் கணினி நாள் முதலில் வரும் முறையில் இருக்கிறது. 31-ஆம் மாதம் கிடையாது என்பதால் 03/31-ஐ வெறும் எழுத்தாக விட்டுவிட்டது, 05/06-ஐத் தேதி என்று நம்பி 5 ஜூன் ஆக்கிவிட்டது. பக்கத்துக் கட்டத்தில் இதைப் போட்டு இழுத்தால் தப்பிய தேதிகளுக்கு TRUE வரும்:

```
=ISTEXT(A2)
```

மூலம் மாதம் முதலில் வரும் முறை என்றால் உன் தேதி 6 மே.

மேலூர்க்காரன்:
அப்படி அடித்துச் சொல்லமுடியாது அக்கா. ஆண்டு முடிவைத் தலைமையகத்தின் படிவம் அச்சடித்திருக்கும், ஒப்புதல் தேதியை இங்கே இருக்கிற அலுவலகத்தில் கையால் அடித்திருக்கலாம். ஒரே பக்கத்தில் இரண்டு முறையும் கலந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

திருமங்கலம் செல்வி:
அதுவும் சரிதான். போன் போட்டுக் கேட்டுவிடு தம்பி. தமிழில் மாதத்தைப் பெயரால் எழுது. அப்படியே 'மார்ச் 31 நிலவரப்படி' என்றும் 'மார்ச் 31-இல் முடிந்த ஆண்டுக்கு' என்றும் எங்கே எது வரவேண்டும் என்று பார்த்துக்கொள். உன்னுடையது லாப நட்டக் கணக்கு, அதற்கு இரண்டாவதுதான்.

உசிலை பாண்டி:
தம்பி, அச்சுக்குப் போயிற்றா?

வில்லாபுரம் சரவணன்:
லட்சம் வேண்டாம், மில்லியனாகவே போடச் சொல்லிவிட்டார்கள். அடைப்புக்குறியைத் திரும்பப் போட்டு அனுப்பினேன், ஆடிட்டர் சரி என்றார். ஒப்புதல் தேதிக்கு இன்னும் பதில் வரவில்லை, அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நன்றி அக்கா.