பில்லில் மாதம் 47 என்று வருகிறது! அவசரம், உதவவும்

கடைக்கணினி | பிற்பகல் 3.02
வணக்கம். எங்கள் கடை பில் மென்பொருளில் தேதி தாறுமாறாக வருகிறது. மாதம் இருக்க வேண்டிய இடத்தில் 47, 51 என்று ஏதேதோ எண்கள். கணக்கர் மாலைக்குள் ஆகஸ்ட் விவரம் கேட்கிறார். கணினியின் கடிகாரம் சரியாகத்தான் இருக்கிறது, இரண்டு முறை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டேன். சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. என்ன செய்யலாம்?

ஊர்க்குருவி | 3.06
நேர மண்டலம்தான், வேறெதுவும் இல்லை. சர்வர் கிரீன்விச் நேரத்தில் ஓடும், நமக்கு ஐந்தரை மணி வித்தியாசம். அந்த அரை மணி நேரம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். மண்டலத்தை கொல்கத்தா என்று மாற்றுங்கள்.

நிலாமுற்றம் | 3.09
எந்த மொழியில் எழுதியது? தேதியை அச்சிடும் அந்த ஒரு வரியைக் காட்ட முடியுமா? தவறாக வந்த பில் வரிகள் இரண்டு மூன்றையும் அப்படியே போடுங்கள்.

மூத்த நிரலர் | 3.11
பதினைந்து வருடங்களாக இதே கேள்வியைப் பார்த்துவருகிறேன். மொழியையே சொல்லாமல் விடை கேட்பது, மருத்துவரிடம் போய் “வலிக்கிறது” என்று மட்டும் சொல்வதைப் போன்றது. ஆவணத்தில் ஒரே ஒரு அட்டவணை இருக்கிறது. அதைப் படித்திருந்தால் இங்கே வரவே வேண்டியிருக்காது.

கடைக்கணினி | 3.15
மன்னிக்கவும், ஜாவா. லினக்ஸ் சர்வர். வரிகள்:

```
2024-47-09 14:08:05
2024-51-09 14:08:22
2024-03-09 15:08:40
```

நேர மண்டலத்தை மாற்றிப் பார்த்தேன், அப்படியேதான் வருகிறது.

நிலாமுற்றம் | 3.19
இந்த மூன்று வரிகளிலும் நிமிடம் 08 என்றே நிற்பதைக் கவனித்தீர்களா? இன்று ஆகஸ்ட் 9, அதாவது எட்டாம் மாதம். முதல் பில்லை உண்மையில் 2.47 மணிக்குப் போட்டிருப்பீர்கள், மூன்றாவதை 3.03க்கு. சரிதானே? மாதமும் நிமிடமும் நாற்காலி மாறி உட்கார்ந்திருக்கின்றன. மண்டலம் தவறினால் மணி தள்ளிப்போகும், நாள்கூட மாறும். மாதம் ஒருபோதும் 47 ஆகாது.

கடைக்கணினி | 3.22
ஆமாம்! 2.47தான், கடன் அட்டை ரசீதில் இருக்கிறது. வரி இது:

```
new SimpleDateFormat("yyyy-mm-dd HH:MM:ss")
```

பாம்பாட்டி | 3.24
பார்த்ததுமே தெரிகிறதே. சின்ன m மாதம், பெரிய M நிமிடம். நான் தினமும் இப்படித்தான் எழுதுகிறேன், பிசகியதே இல்லை. உங்கள் வரி சரி, பிழை வேறெங்கோ இருக்கிறது.

நிலாமுற்றம் | 3.27
பாம்பாட்டி, நீங்கள் சொல்வது பைத்தானுக்குச் சரி. அங்கே `%m` மாதம், `%M` நிமிடம். ஜாவாவில் அது தலைகீழ்: `MM` மாதம், `mm` நிமிடம். இவர் உங்களைப் போன்ற ஒருவரின் பழக்கத்தோடு ஜாவா எழுதியதால்தான் இந்த வம்பு.

ஊர்க்குருவி | 3.28
சரி, எதற்குக் குழப்பம்? எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிடுங்கள், நிமிடத்தை மட்டும் சின்னதாக விடுங்கள். நான் உலாவியில் ஓடும் ஒரு நிரலில் `YYYY-MM-DD` என்றுதான் எழுதுகிறேன், நன்றாகவே வருகிறது.

கடைக்கணினி | 3.34
ஊர்க்குருவி சொன்னபடி மாற்றினேன். மாதம் சரியாகிவிட்டது! ஆனால் இப்போது இப்படி வருகிறது, ஆறு பில் போய்விட்டன:

```
2024-08-222 15:31:417
```

நிலாமுற்றம் | 3.39
உடனே நிறுத்துங்கள். ஜாவாவில் `DD` என்றால் ஆண்டின் எத்தனையாவது நாள் என்று பொருள். இது லீப் ஆண்டு, ஆகஸ்ட் 9 அதில் 222ஆவது நாள். `SS` மில்லிவினாடி, அதனால்தான் 417. `YYYY`தான் எல்லாவற்றிலும் மோசம். அது வாரக் கணக்கில் வரும் ஆண்டு, இன்று 2024 என்றே காட்டும், யாருக்கும் சந்தேகம் வராது. இந்த டிசம்பர் 30 அன்று பில் போட்டால் 2025 என்று அச்சாகும், ஏனென்றால் அந்த வாரம் அடுத்த ஆண்டின் முதல் வாரமாகக் கணக்காகிறது. சரியான வரி:

```
new SimpleDateFormat("yyyy-MM-dd HH:mm:ss")
```

கணக்கர் மணி | 3.43
இதைப் படித்ததும் எனக்குப் பழைய காயம் வலிக்கிறது. ஆரக்கிளில் `HH24:MM:SS` என்று எழுதி, நவம்பர் முழுவதும் எல்லா வருகைப் பதிவும் பதினோராவது நிமிடத்தில் நடந்ததாக அறிக்கை கொடுத்தேன். ஊழியர்கள் அத்தனை பேரும் 9.11க்கு வந்து 6.11க்குப் போகிறார்கள்! மேலாளர், “இவ்வளவு ஒழுங்கான அலுவலகமா நம்முடையது?” என்று கேட்டார். அங்கே நிமிடத்துக்கு `MI`. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் அங்கே கிடையாது, ஆகவே எழுத்தை மாற்றிப் பார்த்துத் தப்பிக்கவும் வழியில்லை.

மூத்த நிரலர் | 3.46
ஒவ்வொருவரும் தன் மொழியே உலகம் என்று நினைத்தால் இப்படித்தான். பிஎச்பியில் நிமிடத்துக்கு `i`, தெரியுமா? SimpleDateFormat-ஐ 2024இலும் பயன்படுத்துகிறவருக்கு இதெல்லாம் நடக்கத்தான் வேண்டும். ஜாவா 8இலேயே புதிய தேதி வகுப்புகள் வந்துவிட்டன.

பாம்பாட்டி | 3.49
புதிய வகுப்பில் மட்டும் எழுத்து மாறிவிட்டதா? அங்கேயும் `mm` நிமிடம்தானே? இதே தவறைச் செய்தால் அங்கேயும் 47தான் வரும்.

மூத்த நிரலர் | 3.51
வராது. விதிவிலக்கு எறிந்து நின்றுவிடும்.

நிலாமுற்றம் | 3.55
இருவர் சொல்வதும் பாதி. வெறும் தேதியை மட்டும் வைத்திருக்கும் LocalDate-இடம் `mm` கேட்டால், என்னிடம் நிமிடமே இல்லை என்று அது மறுத்துவிடும். தேதியும் நேரமும் சேர்ந்த LocalDateTime-இடம் நிமிடம் இருக்கிறது, எனவே கேட்ட இடத்தில் அச்சிட்டுத் தரும், 47 உள்பட.

பாம்பாட்டி | 3.56
அதைத்தான் சொன்னேன்.

மூத்த நிரலர் | 3.58
நீங்கள் முதலில் சொன்னது, இவருடைய வரி சரி என்று. மேலே இன்னும் இருக்கிறது, படித்துக்கொள்ளலாம்.

கடைக்கணினி | 4.04
புதிய பில் சரியாக வருகிறது. ஆனால் ஜூலை 29 முதல் போட்ட பில்கள் என்னாவது? அறிக்கைத் திரையில் சில பில்கள் 2027 நவம்பரில் நிற்கின்றன. நான் சோதித்தபோது எழுதி, திரும்பப் படித்து, ஒப்பிட்டுத்தான் பார்த்தேன். அப்போது பிழையே இல்லையே?

நிலாமுற்றம் | 4.13
சோதனை உங்களை ஏமாற்றிவிட்டது. எழுதியதும் படித்ததும் ஒரே தவறான வடிவம். எழுதும்போது நிமிடம் மாதத்தின் இடத்தில் போய் உட்கார்ந்தது, படிக்கும்போது அதே இடத்திலிருந்து நிமிடமாகவே எழுந்து வந்தது. இரண்டு தவறும் ஒன்றையொன்று அழித்துவிட்டன. வேறொரு நிரலோ மனிதரோ அந்த வரியைப் பார்க்கும்வரை இது வெளியே தெரியாது.

அறிக்கைத் திரையை எழுதியவர் சரியான வடிவத்தில் படித்திருக்கிறார். SimpleDateFormat இயல்பில் தளர்வாகப் படிக்கும். 2024ஆம் ஆண்டின் 47ஆம் மாதமா? மூன்று வருடங்களுக்கு 36 மாதம் போக மீதி 11, ஆகவே 2027 நவம்பர் என்று அமைதியாகக் கணக்குப் போட்டுவிடும். பூஜ்ய நிமிடத்தில் போட்ட பில்கள் 2023 டிசம்பரில் இருக்கும், தேடிப் பாருங்கள். உண்மையில் பயப்பட வேண்டியவை 1 முதல் 12 வரையான நிமிடங்களில் போட்டவை. ஐந்தில் ஒரு பங்கு பில்கள் இருக்கும். அவை மார்ச், மே என்று நம்பும்படியான தேதியோடு நிற்கும், யார் கண்ணும் உறுத்தாது.

உரைக் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றனவா? இருந்தால் எதுவும் தொலையவில்லை. மாதமும் நிமிடமும் இரண்டுமே வரியில் இருக்கின்றன, இடம்தான் மாறியிருக்கிறது. தவறான வடிவத்தாலேயே படித்து, சரியான வடிவத்தால் எழுதுங்கள்:

```
SimpleDateFormat wrong = new SimpleDateFormat("yyyy-mm-dd HH:MM:ss");
SimpleDateFormat right = new SimpleDateFormat("yyyy-MM-dd HH:mm:ss");
wrong.setLenient(false);
String fixed = right.format(wrong.parse(line));
```

ஊர்க்குருவி | 4.16
கோப்பு எதற்கு? அறிக்கை அட்டவணையிலேயே 2027 நவம்பரைத் திரும்ப 47 ஆக்கினால் போதாதா?

நிலாமுற்றம் | 4.22
பெரும்பாலும் முடியும், ஆனால் மாதக் கடைசியில் சறுக்கும். ஜூலை 31 அன்று 47ஆவது நிமிடத்தில் போட்ட பில், நவம்பர் 31 இல்லாததால் டிசம்பர் 1க்குத் தள்ளப்பட்டிருக்கும். இவருடைய பில்கள் 29ஆம் தேதிதான் தொடங்குகின்றன, அதனால் பிழைத்தார். முழு ஜூலை இருந்திருந்தால் ஜூலை 1, 48ஆவது நிமிடப் பில்லிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. கோப்பிலிருந்து செய்வதே நல்லது.

கடைக்கணினி, ஒரு எச்சரிக்கை. இன்று மாலை 4 மணிக்குப் பிறகு சரியாக எழுதிய வரிகளை இந்தத் திருத்தத்துக்குள் விடாதீர்கள். அவற்றையும் மாற்றிக் கெடுத்துவிடும். `setLenient(false)` பலவற்றைப் பிடித்து நிறுத்தும், ஆனால் 4.05, 4.11 போன்றவை சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். எந்தப் பில் எண்ணோடு தவறு முடிந்தது என்று பார்த்து அங்கேயே வெட்டுங்கள். 222 என்று அச்சான அந்த ஆறு பில்களையும் கையால் திருத்துவதே எளிது.

மூத்த நிரலர் | 4.25
நகல் எடுக்காமல் தொடங்கப்போகிறார் பாருங்கள்.

கணக்கர் மணி | 4.27
எக்செல்லில் திறந்து பார்க்கலாம் என்று நினைத்தால் அதுவும் வேண்டாம். அங்கே `m` மணிக்குப் பின்னாலோ வினாடிக்கு முன்னாலோ வந்தால் நிமிடம், இல்லாவிட்டால் மாதம். அது தன் விருப்பப்படி முடிவு செய்யும். மாதம் 47 உள்ள வரிகள் வெறும் எழுத்தாக நிற்கும், 03 உள்ளவை மட்டும் மார்ச் தேதியாக மாறும். வரிசைப்படுத்தினால் பைத்தியம் பிடிக்கும்.

பாம்பாட்டி | 4.31
இத்தனைக்கும் காரணம் ஜாவா எழுத்தைத் தலைகீழாக வைத்தது. சி மொழியிலேயே சின்ன `m` மாதம் என்று இருந்தது. எதற்காக மாற்றினார்கள்?

மூத்த நிரலர் | 4.33
சதவீதக் குறி இல்லாத வடிவத்தில் எழுத்தின் எண்ணிக்கைக்கும் பொருள் உண்டு. `MM` என்றால் 08, `MMM` என்றால் சுருக்கப் பெயர், `MMMM` என்றால் முழுப் பெயர். இரண்டும் வேறு வேறு முறைகள். எது மூத்தது என்று சண்டை போடுவதில் பயனில்லை.

பாம்பாட்டி | 4.34
சண்டையைத் தொடங்கியது யார்?

கடைக்கணினி | 6.48
நகல் எடுத்துவிட்டுத்தான் தொடங்கினேன், மூத்தவரே. கோப்புகளிலிருந்து எல்லாம் சரியாகிவிட்டது. கடன் அட்டை ரசீதுகளோடு இருபது பில்களை ஒப்பிட்டேன், நிமிடம் வரை பொருந்துகிறது. கணக்கரிடம் கொடுத்துவிட்டேன். நிலாமுற்றம் அக்காவுக்கு நன்றி.

இன்னொன்று. தினமும் ஒரு கோப்பு உருவாகும், அதன் பெயரிலும் தேதி உண்டு. `bill_2024-05-01.txt`, `bill_2024-06-02.txt` என்று இருக்கின்றன. காலை ஒன்பது அடித்து ஐந்தாறு நிமிடத்தில் கடையைத் திறப்போம், அதனால் மே, ஜூன் என்று நினைத்து யாரும் கவனிக்கவில்லை. அதையும் இதே போல மாற்றலாமா?

நிலாமுற்றம் | 7.05
முடியாது. பெயரில் மாதம் எழுதப்படவே இல்லை, கடை திறந்த நிமிடம் மட்டும்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் முதல் பில் வரியிலிருந்து மாதத்தை எடுத்துப் பெயரை மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் ஒன்று பாருங்கள்: ஒரே நாளில் மென்பொருளை மறுபடி தொடங்கியிருந்தால், அந்த நாளுக்கு இரண்டு கோப்புகள் இருக்கும். இன்று நீங்கள் இரண்டு முறை அணைத்துப் போட்டதாகச் சொன்னீர்களே, அந்த மூன்றையும் சேர்த்துத் திருத்தினீர்களா?