புதுப்பிப்பு: மதுரையில் குரூப் 4 தேர்வு, லீவு கிடைத்தது

என் கேள்வி: "ஹால் டிக்கெட் இன்னும் வரலை, சிங்கப்பூர் கம்பெனியில லீவு எப்படிக் கேட்கிறது?"

எல்லாருக்கும் நன்றி. முதலில் பதில் போட்ட அண்ணன் யோசனைதான் பலித்தது. விண்ணப்ப ஒப்புகையையும் தேர்வு அறிவிக்கையையும் இணைத்து ஐந்து வாரம் முன்பே வெள்ளிக்கும் திங்களுக்கும் வருடாந்திர விடுப்பு கேட்டேன். ஹால் டிக்கெட் வந்ததும் அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்பினேன்.

"தேர்வு லீவு சட்டத்திலேயே இருக்கு" என்று இங்கே ஒருவர் சொன்னது சரியில்லை. அது ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு. சட்டம் தருவது முதல் ஆண்டில் 7 நாள் வருடாந்திர விடுப்பு. எம்சி என்கிற மருத்துவ விடுப்பு எடுக்கச் சொன்ன தம்பி, அது வேண்டாம்பா.

எதிர்பாராதது: தேர்வு சனிக்கிழமைதானே, வெள்ளி எதற்கு என்றார் மேலாளர். ஹால் டிக்கெட்டில் காலை 9.30 என்று இருந்ததைக் காட்டியதும் சம்மதித்தார். திங்கள் லீவு இன்னும் முடிவாகவில்லை.