கடைக் கண்ணாடி எழுத்துக்கு ‘வெளிக்கோடு’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ஸ்டிக்கர் கட்டிங் பழகுவோருக்கான கையேட்டில், தட்டச்சிட்ட எழுத்தைக் கத்தி பின்பற்றிச் செல்லும் வடிவமாக மாற்றுவதை ‘வெளிக்கோடாக்கல்’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த மாணவர் ஒருவர், மருந்தகக் கண்ணாடிக்கான ‘காலை 9 மணி முதல்’ என்னும் வரி மெலிந்திருப்பதாகக் கருதி, எழுத்துகளைச் சுற்றி 1 மி.மீ. கோடு சேர்த்துக் கோப்பை அனுப்பிவிட்டார். கோட்டில் பாதி எழுத்துக்கு வெளியே அமைவதால், திரையில் 2.2 மி.மீ. அகலமாகத் தெரிந்த கால்கள் வினைலில் 1.2 மி.மீ. அகலமாகவே வெட்டுப்பட்டன. என் சொல்லே அவரைத் தவறாக வழிநடத்தியது என்பதால், ‘உருவரையாக்கல்’ என்று மாற்ற விரும்புகிறேன். உங்கள் கருத்தை அறியத் தாருங்கள்.

*

ஐயா, ‘வரை’ என்பதும் கோட்டைத்தானே குறிக்கிறது? மாணவர் இங்க்ஸ்கேப் மென்பொருளில் Path > Object to Path கொடுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். எழுத்துரு இல்லாத கணினியிலும் எழுத்து உருமாறாது. பழகிய ‘வெளிக்கோடு’ என்ற சொல்லை மாற்றத் தேவையில்லை என்பதே என் எண்ணம்.

*

எங்கள் தையல் கடையில் கண்ணாடியின் உட்புறம் ஒட்டியபோது, தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்கு எழுத்து தலைகீழாக அல்ல, இடவலமாக மாறித் தெரிந்தது. ‘உருவரை’ என்பது அவ்வாறு திருப்பி வைப்பதையும் குறிக்குமா?

*

அம்மா, இடவலம் திருப்புவது தனி வேலை. உட்புறம் ஒட்டுவதாக இருந்தால் மட்டும், எல்லாம் முடிந்தபின் அதைச் செய்தால் போதும்.

Object to Path பற்றி நண்பர் கூறியது பாதி சரி. எழுத்துரு சிக்கல் அதனால் தீரும். ஆனால் சுற்றியுள்ள கோடு அப்படியே கோடாக நிற்கும். வெட்டும் பொறி கோட்டின் தடிமனைப் பார்ப்பதில்லை, அதன் நடுவிலுள்ள பாதையில் மட்டுமே கத்தியை நகர்த்துகிறது. எனவே அடுத்து Path > Stroke to Path கொடுத்துக் கோட்டையும் வடிவமாக்கி, Object > Ungroup மூலம் குழுக்களை முழுதும் பிரித்து, Path > Union மூலம் எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டும். View > Display Mode > Outline காட்சியில் எழுத்துக்குள் குறுக்கே ஓடும் கோடு தெரிந்தால், அங்கேயும் கத்தி இறங்கும் என்று அறியலாம்.

அந்த வரியில் ‘ல்’ மேலுள்ள புள்ளியைப் பற்றி யாரும் பேசவில்லையே! 18 மி.மீ. உயர எழுத்தில் புள்ளி 1.2 மி.மீ. மட்டுமே இருந்தால், வேண்டாத வினைலை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடும். ஒட்டிப் பிடிக்க அதற்குப் பரப்பு போதாது. நான் புள்ளியை மட்டும் 3 மி.மீ. வட்டமாக மாற்றுவேன். புள்ளி போனால் ‘முதல்’ என்பது ‘முதல’ ஆகிவிடும்.

சொல்லைப் பொறுத்தவரை, ‘வெட்டுப்பாதை’ என்றால் கத்தி எங்கே போகும் என்பது நேரே விளங்கும்.

*

நன்றி ஐயா. ‘வெட்டுப்பாதை’ தெளிவாக இருக்கிறது. ஆயினும் அதே வடிவத்தை அச்சுக்கு அனுப்பும்போது வெட்டு ஏதும் இல்லையே என்னும் தயக்கம் எனக்கு நீங்கவில்லை. கையேட்டின் இந்த இயலில் மட்டும் அச்சொல்லை ஆண்டு, பொதுச்சொல்லாக ‘உருவரை’யை வைக்கலாமா?